பில்லில் ஒரு கிலோமீட்டர், கண்ணாடியில் ஒரு கிலோமீட்டர்

*ஐயா, என் கணவர் ராமேஸ்வரத்தில் சொந்தக் காரை டாக்சியாக ஓட்டுகிறார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. ஜூலை 12-ஆம் தேதி சர்வீஸுக்கு விட்டதில் 17,746 ரூபாய் பில் வந்தது. அதில் 67,410 கி.மீ. என்று போட்டிருக்கிறது. பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ்தானே, 77,410 வரும்போது தை மாதம் விட்டால் போதும் என்கிறார் அவர். வருடத்துக்கு மூன்று தடவை இதே மாதிரி பில் வந்தால் 53,000 ரூபாய்க்கு மேல் போகிறது. மாதம் எவ்வளவு எடுத்து வைப்பது என்று பிடிபடவில்லை. பில், மேனுவலில் சர்வீஸ் பக்கம், முன் கண்ணாடி, மாதம் பிறந்ததும் கணக்குக்காக எடுக்கும் மீட்டர் போட்டோக்கள் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். டயர் நாலும் போன வருடம் தீபாவளிக்கு மாற்றியது.*
*— ஒரு வாசகி, தங்கச்சிமடம் (நவம்பர் முதல் வாரம், 2025)*

சகோதரி, முதலில் ஒரு அவசரமான விஷயம். தை மாதம் வரை காத்திருக்க வேண்டாம். பில்லில் இருக்கும் 67,410 தவறான எண்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எடுத்த மீட்டர் போட்டோவில் 66,590 இருக்கிறது. ஜூலை 12-ல் 67,410 ஓடிய வண்டி, இருபது நாள் கழித்து 66,590 காட்டாது. மீட்டர் பின்னால் போகாது. அப்புறம் முன் கண்ணாடி போட்டோவின் மூலையில் பட்டறைக்காரர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். ‘அடுத்த சர்வீஸ் 74,710’ என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். அதில் பத்தாயிரத்தைக் கழித்தால் 64,710. பில் அடித்தவர் 4-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றி அடித்துவிட்டார். மெக்கானிக் வண்டிக்குள் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்து எழுதியது ஸ்டிக்கர். பில் வேறொருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடித்தது. இரண்டும் முரண்பட்டால் நான் ஸ்டிக்கரைத்தான் முதலில் நம்புவேன், அப்புறம் மீட்டர் போட்டோவை வைத்துச் சரிபார்ப்பேன். இங்கே 64,710 என்று வைத்தால் ஆகஸ்ட் 1 வரை 20 நாளில் 1,880 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆடி அமாவாசை வந்த வாரங்கள் அவை. நாளுக்கு 94 கி.மீ. பொருந்துகிறது.

ஆகவே அடுத்த சர்வீஸ் 74,710-ல். நவம்பர் 1-ஆம் தேதி போட்டோவில் 71,190. மீதி 3,520 கி.மீ. தான்.

இந்த 3,520 எப்போது முடியும் என்பதில்தான் ராமேஸ்வரம் டாக்சிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 1 வரை 92 நாளில் 4,600 கி.மீ. அதாவது நாளுக்கு 50. ஆனால் போன வருட நவம்பர் 1-ல் 44,400, இந்த வருட பிப்ரவரி 1-ல் 53,600. அதே 92 நாளில் 9,200 கி.மீ., நாளுக்கு 100. கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார் வருகை, அப்புறம் அரையாண்டு விடுமுறை, பொங்கல், தை அமாவாசை. உங்கள் வீட்டு வண்டி வருடத்தில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கடைசி மூன்று மாத வேகத்தில் கணக்குப் போட்டால் 3,520 கி.மீ. எழுபது நாள் வரும், ஜனவரிதான் என்று தோன்றும். சீசன் வேகத்தில் போட்டால் 35 நாள். டிசம்பர் 6-ஆம் தேதி வாக்கில் முடிந்துவிடும்.

இதில் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடச் செலவைக் கணக்கிட, ஒரு தேதியிலிருந்து அடுத்த வருடம் அதே தேதி வரை எடுங்கள். எல்லா சீசனும் அதற்குள் வந்துவிடும். நவம்பர் 1 முதல் நவம்பர் 1 வரை 71,190-லிருந்து 44,400 போக 26,790 கி.மீ., ஏறக்குறைய 27,000. சர்வீஸ் தேதியைக் கண்டுபிடிக்க மட்டும், வரப்போகும் மாதங்களில் போன வருடம் என்ன வேகம் இருந்ததோ அதை எடுங்கள்.

இப்போது என் யோசனை. டிசம்பர் 6 வரையும் காத்திருக்காதீர்கள். கார்த்திகை பிறப்பதற்கு முன்னால், நவம்பர் 15-ஐ ஒட்டி விட்டுவிடுங்கள். அப்போது மீட்டர் 72,000-க்குப் பக்கத்தில் இருக்கும். 2,700 கி.மீ. சீக்கிரம்தான். ஆயிலின் ஆயுளில் கால் பங்குக்குச் சற்று மேல் வீணாகிறது, ரூபாயில் சொன்னால் ஆயிலுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் சேர்த்து தொள்ளாயிரம் போல. ஆனால் சீசன் நடுவில் ஒரு நாள் வண்டி பட்டறையில் நின்றால் போகும் வாடகை அதைவிட அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். 72,000-ல் செய்துவிட்டால் அடுத்தது 82,000. நாளுக்கு 100 வீதம் ஜனவரி முடிய ஓடினாலும் 80,000-ஐத் தாண்டாது. தை அமாவாசையும் கடந்து மார்ச் முதல் வாரத்தில் நிதானமாக விடலாம். அதற்கடுத்த 92,000 ஜூலை கடைசியில் வரும். ஆக, வரும் பன்னிரண்டு மாதத்தில் நவம்பர், மார்ச், ஜூலை என்று மூன்று சர்வீஸ்.

சரி, பில்லுக்கு வருவோம். 17,746-ஐ மூன்றால் பெருக்கியதுதான் உங்களைப் பயமுறுத்தியது. அந்தப் பில்லுக்குள் ஐந்து வகைச் செலவு கலந்து கிடக்கிறது.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் கட்டாயம் வருவது இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், சர்வீஸ் கூலி, வீல் அலைன்மென்ட் பேலன்சிங். வரியோடு இவை நான்கும் சேர்ந்து 6,372 ரூபாய். இதுதான் உங்கள் அடிப்படை எண். இரண்டாவது, ஃபில்டர்கள். ஏர் ஃபில்டர் 590, டீசல் ஃபில்டர் 1,652. உங்கள் மேனுவலில் இரண்டுமே 20,000-க்கு ஒருமுறை என்று இருக்கிறது. டீசல் ஃபில்டருக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மார்ச்சில் மாற்றினால் போதும். ஏர் ஃபில்டரை மட்டும் ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்வேன். தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று தினமும் போய்வரும் வண்டி அது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தச் சாலையின் மேல் மணல் ஓடுவதை உங்கள் கணவர் பார்த்திருப்பார். அந்த மணல் ஃபில்டர் மடிப்புகளுக்குள் போய் உட்காரும். 590 ரூபாயில் தாராளமாக இருக்கலாம்.

மூன்றாவது, தேய்ந்து போவதால் மாற்றுவது. முன் பிரேக் பேடு, கூலியோடு 3,908. இதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். நான்காவது, அன்றைக்கு நேர்ந்தது. லிங்க் ராடு ஒரு ஜோடி 2,392, ஏசி கேஸ் 1,770. இவை அடுத்த சர்வீஸில் வரக்கூடாது. வந்தால் காரணம் கேட்க வேண்டும். ஏசி கேஸ் நாலு மாதத்தில் மறுபடி நிரப்பச் சொன்னால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

கடைசியாக ‘இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர்’ என்று 1,062 ரூபாய். மேனுவலின் பட்டியலில் இது இல்லை. குறித்த கிலோமீட்டரில் ஆயில் மாற்றி வரும் வண்டிக்கு இது ஒவ்வொரு முறையும் தேவையில்லை. வண்டி விடும்போதே ‘மேனுவலில் உள்ளது மட்டும், மற்றதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும்.

பழைய பில்லை வைத்து வருங்காலச் செலவு போடும்போது வரியையும் கவனிக்க வேண்டும். உங்கள் பில் ஜூலையில் போட்டது. அதில் பிரேக் பேடுக்கும் லிங்க் ராடுக்கும் சிஜிஎஸ்டி 14, எஸ்ஜிஎஸ்டி 14 என்று 28 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம்தான். அதனால் கடைசித் தொகையை எடுக்காமல், வரிக்கு முந்தைய விலையை எடுத்து அதன் மேல் 18 போடுங்கள். பேடின் அடிப்படை விலை 2,500. அன்று 3,200 ஆனது, இன்று 2,950. கூலிக்கு அன்றும் இன்றும் 18 தான், அதில் மாற்றமில்லை.

இனி பிரேக் பேடு. நம் கடற்கரை வண்டிகளில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சில வருடங்களுக்கு முன் பாம்பனிலிருந்து ஒரு கார் வந்தது. பிரேக் பிடித்தால் கிரீச் என்று சத்தம். சக்கரத்தைக் கழற்றி வெளியிலிருந்து பார்த்தால் பேடு நன்றாகவே இருந்தது, ஆறு மில்லிமீட்டர் கனம். பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றினேன். உள்பக்கப் பேடில் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அரைத்து, அதில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் இரண்டு பின்களும் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டன. காலிப்பர் நகரவில்லை என்றால் பிஸ்டன் தள்ளும் உள்பேடு மட்டுமே வேலை செய்யும், வெளிப்பேடு சும்மா நிற்கும். அதற்கு முன்னால் இரண்டு சர்வீஸிலும் ‘பிரேக் பேடு ஓகே’ என்று எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்து எழுதியது. பேடு செலவோடு போக வேண்டியது, இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றும்படி ஆனது.

ஆகவே நவம்பரில் வண்டி விடும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். காலிப்பர் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். கூலி 500 ரூபாய் போல் வைத்துக்கொள்வோம். உள்பேடு, வெளிப்பேடு இரண்டின் கனத்தையும் அளந்து பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஓகே’ என்ற சொல் வேண்டாம், எண் வேண்டும். எண் இருந்தால் கணக்குப் போடலாம். உதாரணத்துக்கு, புதுப் பேடு 11 மி.மீ. இருந்தது, 72,000-ல் அளந்தால் 9 என்று வைத்துக்கொள்வோம். 7,300 கி.மீ. ஓட்டத்தில் 2 மி.மீ. போயிருக்கிறது. மூன்று மி.மீ.-ல் மாற்றிவிட வேண்டும் என்பதால் மீதி 6 மி.மீ., அதாவது இன்னும் 22,000 கி.மீ. போல. 94,000 வரை வரும். எனவே ஜூலை சர்வீஸில், 92,000-ல் மாற்றலாம். உள்ளுக்கும் வெளிக்கும் 2 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உப்பைப் பற்றி இன்னொன்று. அரிச்சல்முனை போய்வந்ததும் வண்டியைக் கழுவுகிறோம் என்பார்கள். எந்தத் தண்ணீரில் என்று கேட்டால் வீட்டு போர் தண்ணீர். நம் பக்கத்தில் பல இடங்களில் அதுவே உப்பு. கழுவிய பிறகு காய்ந்த கண்ணாடியில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. காவிரித் தண்ணீர் குடிக்கவே அளவாகத்தான் வருகிறது, அதைக் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் சக்கர வளைவுகளுக்குள்ளும் அடிப்பகுதிக்கும் கடைசியாக இரண்டு வாளி அடித்தால் போதும்.

பில்லில் இல்லாத பெரிய செலவு டயர். பழைய பில்லை மட்டும் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். தீபாவளிக்கு மாற்றியபோது மீட்டர் 44,400-ஐ ஒட்டி இருந்திருக்கும். இப்போது 27,000 ஓடியாயிற்று. அலைன்மென்ட் செய்யும்போது டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். புது டயரில் 8 மி.மீ. போல இருக்கும். சட்டப்படி 1.6-க்குக் கீழே போகக் கூடாது. மழையில் 3 மி.மீ.-க்குக் கீழே நான் நம்ப மாட்டேன், பாம்பன் பாலத்தில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது இன்னும் நம்ப மாட்டேன். நவம்பரில் 4.5 மி.மீ. இருக்கிறது என்று வைத்தால், 27,000-க்கு 3.5 தேய்ந்திருக்கிறது, ஒரு மில்லிமீட்டருக்கு 7,700 கி.மீ. இந்த மழைக்காலத்தைத் தாண்டிவிடும். வெயில் காலத்தில் 2 மி.மீ. வரை ஓட்டினால் 91,000 வரும். ஆகவே ஜூன் கடைசியில் நாலு டயர். அளவு 3.5 என்று வந்தால் இதெல்லாம் பொருந்தாது. சீசன் முடியுமுன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது மொத்தம். மூன்று சர்வீஸுக்கு அடிப்படைச் செலவு 19,100. ஃபில்டர்கள் 3,400. பிரேக் பேடு கூலியோடு 3,700. பின் துடைக்க மூன்று தடவைக்கு 1,500. இவை 27,700. டயர் நாலும் 22,000 என்று வைத்திருக்கிறேன், உங்கள் டயர் கடைக்காரர் சொல்லும் விலையை அந்த இடத்தில் போடுங்கள். லிங்க் ராடு மாதிரி நேர்வதற்கும் பேட்டரிக்கும் 6,000. எல்லாம் சேர்த்து 55,700. ‘நான் பயந்த தொகைதானே இது’ என்று கேட்பீர்கள். தொகை பக்கத்தில் வருகிறது, ஆனால் நீங்கள் போட்ட கணக்கில் டயர் இல்லை. அந்த 53,000-ஐ மூன்று சர்வீஸுக்கே கொடுத்திருந்தால் ஜூனில் டயருக்குக் கடன் வாங்கியிருப்பீர்கள். இப்போது எந்த சர்வீஸும் ஏழரை முதல் பதினொன்றேகால் ஆயிரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் எந்த வரி புதிது என்று பில்லில் விரல் வைத்துக் கேட்கலாம்.

மாதம் எவ்வளவு என்று கேட்டீர்கள். மாதத்துக்கு ஒரே தொகை வேண்டாம், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் எடுத்து வையுங்கள். மாதம் பிறந்ததும் எடுக்கும் மீட்டர் போட்டோவில் போன மாத எண்ணைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். 3,000 கி.மீ. ஓடிய மார்கழியில் 6,000 ரூபாய், 1,500 ஓடிய புரட்டாசியில் 3,000. காசு வரும் மாதத்தில் அதிகம் போகும், வராத மாதத்தில் குறைவாகப் போகும். வண்டியும் அந்த விகிதத்தில்தான் தேய்கிறது. டயருக்கு இதுவரை எதுவும் எடுத்து வைக்காததால்தான் இந்த வருடம் இரண்டு ரூபாய். அடுத்த வருடம் ஒன்றே முக்கால் போதும். ஜூனில் டயர் வாங்கிய கையோடு ஜூலை சர்வீஸ் வருவதால் அந்த மாதம் எட்டாயிரம் போல் இழுக்கும். அதை மட்டும் முன்பே மனதில் வையுங்கள்.

கிலோமீட்டர் கணக்கில் வராதவையும் உண்டு. பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் வருடக் கணக்கில் மாற்றுவது. மேனுவலில் பார்த்து, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பழைய பில்களில் தேடுங்கள். இந்த ஜூலை பில்லில் இரண்டுமே இல்லை. அடுத்த நவம்பருக்குள் வண்டி 98,000-ஐத் தொடும். மேனுவலில் ஒரு லட்சம் என்ற கட்டத்துக்கு நேரே டைமிங் பெல்ட் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நீங்கள் அனுப்பிய பக்கம் 80,000-உடன் வெட்டுப்பட்டிருக்கிறது. பெல்ட் இருந்தால் அது தனிச் செலவு, இந்த இரண்டு ரூபாயில் அடங்காது.

போட்டோ எடுப்பதில் ஒரு சின்னத் திருத்தம். ஆகஸ்ட் படத்தில் முதலில் ட்ரிப் மீட்டரைத்தான் எடுத்திருக்கிறீர்கள், அப்புறம் சரி செய்து இன்னொன்று எடுத்திருக்கிறீர்கள். தசமப் புள்ளி தெரிந்தால் அது ட்ரிப். பில்லை வாங்கிய அன்றே, நிழலில் தட்டையாக வைத்து, நான்கு மூலையும் தெரிய எடுங்கள். வெயிலில் டேஷ்போர்டு மேல் கிடந்தால் அந்த வழவழப்பான பில் காகிதத்தில் எழுத்து வெளுத்துப் போகும். பட்டறையை விட்டுக் கிளம்புமுன் பில்லில் உள்ள கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒரே படத்தில் எடுத்துவிட்டால் 67,410 மாதிரி எண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இந்தப் பழைய பில்லையும் கொண்டுபோய்த் திருத்தி வாங்குங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது மீட்டரைக் குறைத்துவிட்டார்கள் என்று வாங்குபவர் சந்தேகப்பட அது இடம் கொடுக்கும்.

நவம்பர் சர்வீஸ் முடிந்ததும் உள்பேடு, வெளிப்பேடு, டயர் மூன்றின் அளவையும் எழுதி அனுப்புங்கள். ஜூன் என்று சொன்ன தேதியும் ஜூலை என்று சொன்ன தேதியும் நிற்குமா நகருமா என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.